சரிவக வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் ஓடும்? மானிங் கணக்குக் கேள்வி பதில்

டிப்ளமா மாணவி: அடி அகலம் 3 மீ, நீர் ஆழம் 1.2 மீ, பக்கச் சரிவு 1.5-க்கு 1, படுகைச் சரிவு S 2500-க்கு 1, சொரசொரப்பு எண் n = 0.025. எனக்கு ஓட்டம் Q 4.81 கன மீ/வி வருது சார். புத்தகத்தில் 3.9-னு போட்டிருக்கு.

புத்தகம் சரி. 4.81 என்ற எண்ணே எங்கே தவறியது என்று சொல்லிவிடுகிறது. நனைந்த சுற்றளவான P-யில் இரண்டு பக்கத்துக்கும் 1.2 மீட்டர் ஆழத்தையே வைத்துவிட்டீர்கள். தண்ணீர் உரசுவது சாய்ந்த கரையில். அதனால் கரையின் சாய்வு நீளம்தான் கணக்கில் வர வேண்டும்.

```
A = (3 + 1.5×1.2) × 1.2 = 5.76 ச.மீ
P = 3 + 2×1.2×√(1 + 1.5²) = 7.33 மீ
R = A/P = 0.786 மீ
V = (1/n) × R^(2/3) × S^(1/2)
  = (1/0.025) × 0.852 × 0.02 = 0.68 மீ/வி
Q = A × V = 3.92 கன மீ/வி
```

உங்கள் கணக்கில் P 5.4 ஆகக் குறைந்ததால் R ஒன்றைத் தாண்டிப் போய், ஓட்டம் இருபது சதவீதத்துக்கு மேல் கூடிவிட்டது. சிலர் இதற்கு நேர்மாறாக, மேலே காற்றைத் தொடும் நீர்ப்பரப்பின் அகலத்தையும் P-யில் சேர்த்துவிடுவார்கள். அப்போது விடை 2.6-க்கு இறங்கிவிடும். மண்ணையோ கான்கிரீட்டையோ தொடும் நீளம் மட்டும்தான் P.

தள உதவியாளர்: சரிவை இரண்டு மடங்கு ஆக்கினா தண்ணியும் இரண்டு மடங்கு ஓடும்தானே?

இல்லை. S-க்கு வர்க்கமூலம் எடுக்கிறோம், அதனால் அதே ஆழத்தில் 41 சதவீதம்தான் கூடும். இரண்டு மடங்கு வேண்டுமென்றால் சரிவு நான்கு மடங்காக வேண்டும். மேலிருந்து வரும் தண்ணீர் அதே அளவாக இருந்தால் ஓட்டம் கூடவே கூடாது. ஆழம் குறைந்து வேகம்தான் கூடும்.

பெயர் குறிப்பிடாதவர்: மண் வாய்க்காலுக்கு n எவ்வளவு போடணும்?

வெட்டி முடித்த உடனே, நேராகவும் சுத்தமாகவும் இருந்தால் 0.018 அளவு. வெயிலும் மழையும் பட்டுப் பழகியபின் 0.022. குட்டைப் புல்லும் அங்கங்கே களையும் வந்தால் 0.027. நீர் மட்டம் வரை களை அடர்ந்துவிட்டால் 0.08 வரைகூடப் போகும். ஒரே வாய்க்கால்தான் இவை எல்லாவற்றையும் கடந்து போகிறது. எந்த நிலையில் இருக்கும்போது கணக்குப் போடுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், அப்புறம் அட்டவணையைத் திறங்கள்.

களப் பொறியாளர்: இதே அளவுள்ள ஒரு மண் வாய்க்கால் எங்களிடம் இருக்கு. ஆழம் சரியாக 1.2 மீ. ஆனா ஓட்டமானியில் அளந்தா 2.1 கன மீட்டர்தான் வருது. n = 0.047-னு வச்சா பொருந்துது. அதையே அறிக்கையில் எழுதிடலாமா? கீழே 400 மீட்டரில் ஒரு ஷட்டர் இருக்கு, பாதி மூடியிருக்கு.

எழுதாதீர்கள். உங்கள் கேள்வியின் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது.

ஓட்டம் சீராக இருந்தால் மட்டுமே மானிங் சூத்திரத்தில் படுகைச் சரிவை அப்படியே போடலாம். சீரான ஓட்டத்தில் ஆழம் எங்கும் ஒன்றுதான். நீர்ப்பரப்பும் படுகையும் ஒரே சரிவில் இறங்கும். ஷட்டர் பாதி மூடியிருக்கும்போது தண்ணீர் பின்னோக்கித் தேங்குகிறது. இந்தத் தேக்கம் மேல்பக்கம் எவ்வளவு தூரம் எட்டும் என்று தோராயமாகப் பார்க்க, ஆழத்தைச் சரிவால் வகுத்துப் பாருங்கள். 1.2-ஐ 0.0004-ஆல் வகுத்தால் 3000 மீட்டர். நீங்கள் நிற்பது 400 மீட்டரில். முழுக்கத் தேக்கத்துக்குள்தான் நிற்கிறீர்கள்.

n = 0.025 வைத்துக் கணக்குப் போட்டால், 2.1 கன மீட்டர் தண்ணீர் சீராக ஓடும்போது ஆழம் 0.86 மீட்டர்தான் இருக்கும். அதற்கு மேல் நீங்கள் பார்த்த 34 செ.மீ ஷட்டர் ஏற்றி வைத்தது. அதைக் களையின் கணக்கில் எழுதினால், நாளைக்கு யாராவது அந்த 0.047-ஐ நம்பித் தூர்வாரச் செலவு செய்வார்கள், மட்டமோ இறங்காது.

இதைச் சரிபார்க்க நிறையக் கருவி வேண்டாம். நீங்கள் அளந்த இடத்திலிருந்து மேல்பக்கம் 500 மீட்டர் போய், இரண்டு இடத்திலும் நீர்ப்பரப்பின் மட்டத்தை லெவல் வைத்து எடுங்கள். வாய்க்கால் உண்மையிலேயே அவ்வளவு சொரசொரப்பாக இருந்து ஓட்டமும் சீராக இருந்தால், 500 மீட்டரில் நீர் மட்டம் 20 செ.மீ இறங்கியிருக்கும். ஷட்டர்தான் காரணம் என்றால் 7 செ.மீ அளவுதான் இறங்கியிருக்கும். இவ்வளவு பெரிய வித்தியாசம் சாதாரண லெவலிலேயே தெரிந்துவிடும். n-ஐத் தொடுவதற்கு முன் இரண்டு இடத்தில் மட்டம் பாருங்கள்.

பயிற்சிப் பொறியாளர்: கான்கிரீட்டுக்கு n?

நல்ல பூச்சு என்றால் 0.013, சாதாரண வேலை என்றால் 0.015, பழசாகிச் சொரசொரத்துப் போயிருந்தால் 0.017.

ஒப்பந்ததாரர்: நான் மண் வாய்க்கால் எதுவானாலும் 0.030 போட்டுடுவேன். n-ஐக் கூட்டி வச்சா வாய்க்கால் பெரிசா வரும், அது பாதுகாப்புதானே. இதில் யோசிக்க என்ன இருக்கு?

தண்ணீர் கரை தாண்டாது என்ற வரைக்கும் நீங்கள் சொல்வது சரி. அரிப்பு என்று வரும்போது அதே 0.030 உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது.

மேலே பார்த்த வாய்க்காலையே எடுத்துக்கொள்வோம். அதே 3.92 கன மீட்டர் ஓட வேண்டும். n = 0.030 என்றால் ஆழம் 1.32 மீட்டர், வேகம் 0.60 மீ/வி. சாதாரண இறுகிய வண்டல் மண், தெளிந்த தண்ணீர் என்றால் பாசனப் பொறியாளர்கள் ஃபோர்ட்டியரும் ஸ்கோபியும் 1926-இல் கொடுத்த அனுமதி வேகம் 0.76 மீ/வி. 0.60 அதற்குள் அடங்குகிறது, வரைபடத்தில் கையெழுத்தும் விழுந்துவிடும்.

ஆனால் வாய்க்கால் வெட்டி முடித்து முதல் தண்ணீர் விடும்போது அங்கே புல் இல்லை, களை இல்லை. n 0.020 பக்கம் இருக்கும். அதே தண்ணீர் 1.07 மீட்டர் ஆழத்தில், 0.80 மீ/வி வேகத்தில் ஓடும். அனுமதி வேகத்தைத் தாண்டிவிட்டது. கரையின் அடிப்பகுதி அறுபட்டு, பக்கம் சரியத் தொடங்குவது அப்போதுதான்.

ஒரு வாய்க்காலுக்கு n ஒன்று போதாது. கொள்ளளவைப் பார்க்கப் பெரிய n, வேகத்தைப் பார்க்கச் சின்ன n. இரண்டு முறை கணக்குப் போடுங்கள், இரண்டிலும் தேறுகிற வடிவத்தை எடுங்கள்.

ஒப்பந்ததாரர்: புல் வளர்ந்துட்டா அதுவே கரையைப் பிடிச்சுக்குமே சார். அப்புறம் அரிப்பு எங்கேருந்து வரும்?

புல் கரையைப் பிடிக்கும், உண்மை. ஆனால் புல் வளர்ந்த பிறகு n-உம் ஏறி, வேகம் தானாகவே குறைந்துவிடுகிறது. புல் இல்லாத முதல் பருவத்தில்தான் வேகம் கூடுதல், அப்போது காப்பாற்ற அது இல்லை. கடைசியில் முழு ஓட்டம் விடப்போகிறோம் என்றாலும், புல் பிடிக்கும் வரை குறைந்த ஓட்டம் மட்டுமே விட முடியும் என்ற உறுதி இருந்தால் உங்கள் வாதத்தை ஏற்கலாம்.

ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர்: தம்பி, நீங்க ரெண்டு பேரும் 0.030-ஐ ஏன் ஒத்துக்கிறீங்க? வருஷத்துக்கு ரெண்டு தடவை களை வெட்டினா 0.025 தாண்டாது. வெட்டாம விடறதுக்கு ஏத்த மாதிரி வாய்க்காலைப் பெரிசா வெட்டறது, சோம்பலுக்குக் கொள்ளளவு கட்டுற மாதிரி.

ஐயா, ஒழுங்காகப் பராமரிக்கிற வாய்க்காலுக்கு நீங்கள் சொல்வதுதான் சரி. நிலமும் மிச்சமாகும், வெட்டும் மண்ணும் குறையும். என் தயக்கம் ஒன்றுதான். களை வெட்டுவது வருடத்துக்கு இரண்டு முறை நடந்தாலும், வெட்டுவதற்கு முந்தின வாரம் n எங்கே நிற்கும்? முழு ஓட்டம் தேவைப்படும் நாள் அந்த வாரத்தில் வந்தால், 0.025-க்குச் செய்த வடிவத்தில் n 0.030 ஆகும்போது தண்ணீர் 12 செ.மீ கூடுதலாக ஏறி நிற்கும். கரையின் மேல்விளிம்புக்கும் நீர் மட்டத்துக்கும் நடுவே அந்த 12 செ.மீ-யை விட்டு வைத்திருந்தால் உங்கள் 0.025 போதும்.

ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர்: அந்த இடைவெளி அலைக்கும் கரை உள்வாங்கறதுக்கும்தான் விடறது. களைக்கு அதிலேருந்து எடுத்தா அப்புறம் அலைக்கு என்ன மிஞ்சும்?

நியாயமான கேள்வி ஐயா. அப்படியானால் களைக்கென்று தனியாக இடைவெளி விட வேண்டும். அது 0.030 போட்டுப் பெரிதாக வெட்டுவதற்குக் கிட்டத்தட்ட சமம். பராமரிப்பை யார் செய்யப் போகிறார்கள் என்று தெரியாமல் இதில் ஒரு எண்ணைத் தீர்மானமாகச் சொல்ல முடியாது.

வீட்டு உரிமையாளர்: மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் தண்ணி மெதுவா வருது. இந்த சூத்திரத்தில் சரிவு எவ்வளவு போடணும்?

குழாய் நிறைந்து அழுத்தத்தில் ஓடுவது வேறு கணக்கு. குழாய்ப் பணி தெரிந்தவரிடம் கேளுங்கள். இங்கே பேசுவது மேலே திறந்த நீர்ப்பரப்பு உள்ள ஓட்டம்.

பயிற்சிப் பொறியாளர்: அடி மட்டும் கான்கிரீட், கரை மண். 0.015, 0.025 ரெண்டுக்கும் சராசரி 0.020 எடுக்கலாமா?

வேண்டாம். ஒவ்வொன்றும் எவ்வளவு நீளத்தில் தண்ணீரைத் தொடுகிறது என்று பாருங்கள். நம் வாய்க்காலில் 1.2 மீட்டர் ஆழத்தில் அடி 3 மீட்டர், கரை இரண்டும் சேர்ந்து 4.33 மீட்டர். ஒவ்வொரு n-ஐயும் 1.5 அடுக்குக்கு உயர்த்தி, அதனதன் நீளத்தால் பெருக்கிக் கூட்டி, மொத்த P-யால் வகுத்து, 2/3 அடுக்கு எடுத்தால் 0.0212 வருகிறது. ஆழம் மாறினால் கரையின் பங்கு மாறும், இந்த எண்ணும் மாறும். இதற்கு வேறு கலப்பு முறைகளும் உண்டு. கொஞ்சம் வேறுபட்ட விடை தரும்.

புதியவர்: மண் வாய்க்காலுக்கு n என்ன சார்?

மேலே மூன்றாம் பதிலைப் படியுங்கள். அதற்கு முன் இரண்டு இடத்தில் மட்டம் பாருங்கள்.

இன்னொரு மாணவர்: சூத்திரத்தில் 1/n-க்குப் பதில் 1.49/n எப்போ போடணும்?

அளவுகள் அடியில் இருந்தால் மட்டும். மீட்டரில் 1.

டிப்ளமா மாணவி: இப்போ 3.925 வந்துடுச்சு சார். மூணு தசமமும் எழுதணுமா?

3.9 என்று எழுதுங்கள். சூத்திரமே அளவீடுகளைப் பொருத்தி எடுத்தது. n 0.025 என்பது உண்மையில் 0.023-ஆகவும் இருக்கலாம், 0.028-ஆகவும் இருக்கலாம். அந்த இரண்டு எண்ணையும் போட்டுப் பாருங்கள், Q 4.3-க்கும் 3.5-க்கும் நடுவே நகரும். விடைக்குப் பக்கத்தில் n எந்த நிலைக்கு எடுத்தது என்று ஒரு வரி எழுதினால், மூன்றாம் தசமத்தைவிட அது பயன்படும்.