அம்பை எங்கிருந்து போடுவது?

அன்புள்ள ஐயா,

என் மகள் வேதியியல் தேர்வில் ஒரு வெப்ப உமிழ்வினையின் ஆற்றல் வரைபடத்தில் கிளர்வு ஆற்றலைக் குறிக்க வேண்டியிருந்தது. படுக்கைக் கோட்டிலிருந்து உச்சிவரை அம்பு போட்டாள். தவறு என்று அடித்துவிட்டார்கள். நான் வினைவிளைபொருளின் மட்டத்திலிருந்து உச்சிக்கு அம்பு போட்டுக் காட்டினேன், அதுவும் தவறாம். அம்பை எங்கிருந்துதான் போடுவது? இன்னொன்றும் எனக்குப் பிடிபடவில்லை. ஆற்றலை வெளிவிடுகிற வினைக்கு எதற்காக முதலில் ஆற்றல் தர வேண்டும்? அதிகமாக வெளிவிடும் வினை தானாகவே வேகமாக நடந்துவிடாதா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மகள் போட்ட அம்பு எந்த வினைக்கும் பொருந்தாது. நீங்கள் போட்டதோ சரியான அம்பு. ஆனால் அது வேறொரு வினைக்கு உரியது. இந்த இரண்டு தவறுகளுக்கும் உள்ள வேறுபாடு விளங்கினால் வரைபடத்தில் பாதி விளங்கிவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

செங்குத்து அச்சு குறிப்பது அணுக்களின் தொகுதிக்குள் இருக்கும் நிலை ஆற்றலை. நிலை ஆற்றலுக்கு இயற்கையான சுழி என்று ஒன்று கிடையாது; வரைபவர் படுக்கைக் கோட்டைத் தாளில் எங்கே போட்டாரோ அதுவே அந்தப் படத்தின் அடிமட்டம். அதே கோட்டை இரண்டு விரற்கடை கீழே இறக்கிப் போட்டாலும் வினை மாறாது, உங்கள் மகளின் அம்பு மட்டும் நீண்டுவிடும். வரைபவரின் விருப்பத்தைப் பொறுத்து மாறுகிற ஓர் அளவு வினையின் பண்பாக இருக்க முடியாது. ஆகவே இந்தப் படத்தில் பொருளுள்ளவை உயரங்கள் அல்ல, உயரங்களுக்கு இடையிலுள்ள வேறுபாடுகளே. அப்படிப்பட்டவை மூன்று இருக்கின்றன. ஓர் உண்மையான வினையை எடுத்துக்கொண்டு அவற்றைப் பார்க்கலாம்.

கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் டைஆக்சைடும் வாயு நிலையில் மோதி, ஓர் ஆக்சிஜன் அணு கை மாறுகிற வினை இது:

CO + NO₂ → CO₂ + NO

ஏறத்தாழ 500 கெல்வினுக்கு மேல் இது ஒரே படியில் நடக்கிறது. அதனால் படத்தில் ஒரே ஒரு மேடுதான் வரும்; பழகுவதற்கு இதைவிட எளிய வினை கிடைப்பது அரிது. (வெப்பநிலை குறைந்தால் வினை வேறு வழியில், இரண்டு படிகளாக நடக்கிறது, அப்போது படத்தில் இரண்டு மேடுகள் வந்துவிடும்.) இடப்பக்கத்தில் வினைபடுபொருள்களின் மட்டத்தை ஒரு கிடைக்கோடாக வரையுங்கள். அங்கிருந்து வளைகோடு மோலுக்கு 134 கிலோஜூல் மேலேறி உச்சியைத் தொடுகிறது. பிறகு சரிந்து, தொடங்கிய மட்டத்தையும் தாண்டி, அதற்கு 226 கிலோஜூல் கீழே வலப்பக்கத்தில் வினைவிளைபொருள்களின் மட்டத்தில் போய் நிற்கிறது. வினைபடுபொருளின் மட்டத்திலிருந்து உச்சிவரை உள்ள 134 தான் இவ்வினையின் கிளர்வு ஆற்றல். இரு மட்டங்களுக்கும் இடையிலுள்ள 226 தான் வெளிப்படும் வெப்பம்; முடிவு தொடக்கத்தைவிடத் தாழ்ந்திருப்பதால் அதை ΔH = −226 என்று எதிர்க்குறியோடு எழுதுகிறோம்.

மூன்றாவது வேறுபாடுதான் நீங்கள் போட்ட அம்பு. வினைவிளைபொருளின் மட்டத்திலிருந்து உச்சிவரை 226-ஐயும் 134-ஐயும் கூட்டினால் 360 கிலோஜூல். இது முன்னோக்கு வினைக்கு உரியதல்ல. கார்பன் டைஆக்சைடும் நைட்ரிக் ஆக்சைடும் மோதித் திரும்பவும் CO, NO₂ ஆகிற பின்னோக்கு வினையின் கிளர்வு ஆற்றல். அதாவது அதே படத்தை வலமிருந்து இடமாக வாசித்தால் வெப்பக்கொள்வினை ஒன்றின் வரைபடம் கையில் வந்துவிடுகிறது: தொடக்கம் தாழ்வான மட்டம், முடிவு உயர்ந்த மட்டம், ΔH = +226, கிளர்வு ஆற்றல் 360. பாடநூல்கள் இவ்விரண்டையும் இரண்டு தனிப் படங்களாக அடுத்தடுத்துப் போட்டுவிடுவதால் அவை இரு வேறு சங்கதிகள் என்ற எண்ணம் மாணவர்களிடம் ஊன்றிவிடுகிறது. ஒரே படத்தைக் கொடுத்து இருபக்கமிருந்தும் வாசிக்கச் சொல்லியிருக்கலாம் என்பது என் நெடுநாள் மனக்குறை.

இப்படி வாசிப்பதால் ஒரு பயனும் உண்டு. வெப்பக்கொள்வினையில் கிளர்வு ஆற்றல் ஒருபோதும் ΔH-ஐவிடக் குறைவாக இருக்க முடியாது, ஏனெனில் உச்சியைத் தொடுமுன்பே முடிவு மட்டத்தின் உயரத்தை ஏறிக் கடந்தாக வேண்டும். விடைத்தாளில் ΔH +226 என்றும் கிளர்வு ஆற்றல் 134 என்றும் சேர்ந்து வந்தால், யாரோ இடப்பக்க மட்டத்தையும் வலப்பக்க மட்டத்தையும் மாற்றிப் பிடித்துவிட்டார்கள் என்பது கணக்கைப் பார்க்காமலே தெரிந்துவிடும். வெப்ப உமிழ்வினைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அங்கே மேடு சிறிதாகவும் இருக்கலாம், பெரிதாகவும் இருக்கலாம்.

இனி உங்கள் அடுத்த ஐயம். ஆற்றல் ஏன் முதலில் வேண்டியிருக்கிறது என்பதை அந்த உச்சியிலேயே நின்று பார்க்க வேண்டும். CO மூலக்கூறின் கார்பன் முனை, NO₂-வின் ஓர் ஆக்சிஜனை நெருங்குகிறது. புதிய கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பு முழுமையாக உருவாகி முடிந்த பிறகு பழைய நைட்ரஜன்–ஆக்சிஜன் பிணைப்பு அறுவதில்லை. பழையது முழுமையாக அறுந்த பிறகு புதியது தொடங்குவதுமில்லை. இரண்டும் ஒரே வேளையில் நடக்கின்றன, ஆனால் ஈடுகட்டிக்கொள்ளும் அளவுக்கு அல்ல. எலக்ட்ரான் முகில்கள் ஒன்றையொன்று தள்ளுவதை மீறி மூலக்கூறுகள் நெருங்க வேண்டும், பழைய பிணைப்பு இழுபட வேண்டும். புதிய பிணைப்பு தரும் ஆற்றலோ அந்தக் கட்டத்தில் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. நடுவில் ஓர் ஆக்சிஜன், ஒரு பக்கம் நைட்ரஜனோடும் மறுபக்கம் கார்பனோடும் அரைகுறையாகப் பிணைந்து நிற்கும் அந்த அமைப்பையே கிளர்வுற்ற அணைவு என்கிறோம். அது நொடியின் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில்தான் நீடிக்கும். அதைப் புட்டியில் பிடித்து வைக்க முடியாது.

ஆக, 134 கிலோஜூல் என்பது செலவாகித் தொலைந்துபோகும் கட்டணம் அல்ல. மோதும் மூலக்கூறுகளின் இயக்க ஆற்றல் மேட்டில் ஏறும்போது நிலை ஆற்றலாக மாறுகிறது. மறுபுறம் இறங்கும்போது அந்த 134-ம் திரும்பி வருகிறது, கூடவே 226-ம் வருகிறது. நிகரக் கணக்கில் மிஞ்சுவது 226 மட்டுமே. கிளர்வு ஆற்றலை ΔH-லிருந்து கழித்து “உண்மையில் வெளிவருவது 92 கிலோஜூல்” என்று எழுதும் மாணவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அவர்கள் அனைவரும் அதைக் கட்டணமாக நினைத்தவர்களே.

படுக்கை அச்சைப் பற்றி ஒரு சொல். அது நேரம் அல்ல. பழைய பிணைப்பு எவ்வளவு விலகிவிட்டது, புதியது எவ்வளவு நெருங்கிவிட்டது என்ற வினையின் முன்னேற்றத்தைத்தான் அது குறிக்கிறது. மேடு அகலமாக வரையப்பட்டிருப்பதால் வினை மெதுவானது என்று பொருள் கொள்ளக் கூடாது.

வேகத்தைத் தீர்மானிப்பது மேட்டின் உயரம். எவ்வளவு கடுமையாகத் தீர்மானிக்கிறது என்பதை இதே வினையில் காணலாம். மேட்டைத் தாண்டப் போதுமான ஆற்றலுள்ள மோதல்களின் பங்கை e^(−Ea/RT) என்ற கோவை தோராயமாகத் தருகிறது. இதில் Ea கிளர்வு ஆற்றல், R வாயு மாறிலி, T கெல்வினில் வெப்பநிலை. 600 கெல்வினில் RT ஏறத்தாழ 5 கிலோஜூல். 134-ஐ அதனால் வகுத்துக் கணக்கிட்டால், ஒரு லட்சம் கோடி மோதல்களில் ஏறத்தாழ 2 மட்டுமே தேறுகின்றன. 700 கெல்வினில் அதே எண்ணிக்கை ஏறத்தாழ 100. வெப்பநிலை உயர்ந்தது ஆறில் ஒரு பங்கு. தகுதியுள்ள மோதல்களோ ஐம்பது மடங்கை நெருங்கிவிட்டன. (தேறியவற்றிலும் கார்பன் முனை ஆக்சிஜனை நோக்கித் திரும்பியிருக்கும் மோதல்களே பலன் தரும்; அது வேறு கதை.) ஆய்வில் இதைக் கண்ணாலேயே உணரலாம்: நான்கு வாயுக்களில் நிறமுள்ளது NO₂ ஒன்றுதான் என்பதால், அதன் செம்பழுப்பு எவ்வளவு விரைவில் வெளுக்கிறதோ அவ்வளவு வேகத்தில் வினை நடக்கிறது.

இந்தக் கோவையில் 226 எங்கும் இடம்பெறவில்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் கடைசிக் கேள்விக்கு விடை அதுவே. எவ்வளவு ஆழத்தில் போய் விழும் என்பதை மேட்டின் இந்தப் பக்கம் நிற்கும் மூலக்கூறு அறியாது. அது தாண்ட வேண்டியது தனக்கு முன்னிருக்கும் ஏற்றத்தை மட்டுமே. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து ஒரு மோல் திரவ நீர் உருவாகும்போது 286 கிலோஜூல் வெளிப்படுகிறது. ஆயினும் அவ்விரு வாயுக்களின் கலவையை அறை வெப்பநிலையில் பொறி எதுவும் படாமல் வைத்திருந்தால் நீர் உருவாவதை யாரும் காண முடியாது.

வெப்பநிலையை உயர்த்தினால் மேடு தாழும் என்று வரைவது அடிக்கடி நிகழும் பிழை. மேடு அப்படியேதான் இருக்கிறது. அதைத் தாண்ட வல்ல மூலக்கூறுகள்தாம் பெருகுகின்றன. வினையூக்கி சேர்க்கும்போது மட்டுமே வேறு வளைகோட்டை வரைய வேண்டும், ஏனெனில் அது வேறொரு பாதையைத் திறந்துவிடுகிறது. பாடநூல் அதை வழக்கமாகத் தாழ்ந்த ஒற்றை மேடாகப் புள்ளிக்கோட்டில் காட்டும். உண்மையில் பெரும்பாலான வினையூக்கிப் பாதைகளில் இரண்டு மூன்று சிறு மேடுகளும், அவற்றுக்கிடையே இடைநிலைப் பொருள்கள் தங்கும் பள்ளங்களும் இருக்கும். அப்படிப்பட்ட படத்தில் எல்லாவற்றிலும் உயர்ந்து நிற்கும் உச்சியை எடுத்துக்கொண்டு, அதே இரு மட்டங்களிலிருந்து அளந்து பாருங்கள். நம் வினையில் ஒரு வினையூக்கி அந்த உச்சியை 30 கிலோஜூல் தாழ்த்துவதாகப் பயிற்சிக்காக வைத்துக்கொள்வோம். இடமிருந்து ஏற்றம் 104 ஆகும், வலமிருந்து ஏற்றம் 330 ஆகும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பழைய 226 மாறாமல் வர வேண்டும். வராவிட்டால் உங்கள் மகள் மேட்டோடு சேர்த்து இரு மட்டங்களில் ஒன்றையும் நகர்த்தி வரைந்திருக்கிறாள்.

அன்புடன்.