சன்ஷேடு முட்டு எப்போது பிரிக்கலாம்?

"மூணடி சன்ஷேடு போட்டு எட்டு நாள் ஆச்சு. மூட்டைக்கு 35 லிட்டர் தண்ணி ஊத்தினாங்க. நல்லா காய்ஞ்சிடுச்சு, முட்டைப் பிரிக்கலாம்னு மேஸ்திரி சொல்றார். சரியா?"

இப்போது பிரிக்காதீங்க. கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை. சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுது. ஒவ்வொரு சிமெண்ட் துகளைச் சுற்றியும் பசை போன்ற ஓடு படியும். அது தடிக்கத் தடிக்க தண்ணீர் உள்ளே போவது மெதுவாகும். அதனால்தான் ஏழு நாளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பலம் வந்தாலும், மீதிக்கு வாரக்கணக்காகுது. பிபிசி சிமெண்ட் என்றால் இன்னும் மெதுவு.

50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 35 லிட்டர் என்றால் தண்ணீர்-சிமெண்ட் எடை விகிதம் 0.7. எம்20 கலவைக்கு 0.55, அதாவது 27 லிட்டரைத் தாண்டக்கூடாது. மணலின் ஈரமும் இந்தக் கணக்கில் சேரும். வினைக்கு மிஞ்சிய தண்ணீர் நுண்துளைகளாக நின்று பலத்தைக் குறைத்துவிடும். எத்தனை நாள் காத்தாலும் அந்தப் பலம் முழுசாகத் திரும்பாது.

அமுக்கினால் இந்தத் துளைகளும் மயிரிழை விரிசல்களும் மூடிக்கொள்ளும், இழுத்தால் வாய்பிளக்கும். இழுவிசையில் கான்கிரீட்டின் பலம் பத்தில் ஒரு பங்குதான். சன்ஷேடில் இழுவிசை மேல்பக்கம், சுவரை ஒட்டி வருது. அதைத் தாங்குவது மேல்கம்பி மட்டுமே. வார்க்கும்போது ஆட்கள் மிதித்து அது கீழே இறங்கியிருந்தால் முட்டை எடுக்கவே கூடாது. கம்பி காட்டும் கருவியால் முதலில் பாருங்க.

கம்பி சரியென்றால் இன்னும் ஆறேழு நாள் ஈரச்சாக்கு போட்டு, பொறியாளர் பார்த்தபின் நுனியிலிருந்து சுவரை நோக்கிப் பிரியுங்க. மேலே சுவரோரம் நீளவாக்கில் கீறல் தெரிந்தால் உடனே திரும்ப முட்டுக்கொடுங்க.