வெட்டில் விழுந்த விலை

அன்புள்ள அண்ணா,

போடியில் இலவம் பஞ்சு மெத்தை தைத்து ஆன்லைனில் விற்கிறோம். யூடியூபில் 60 நொடி விளம்பரம் ஒன்று, அதையே வெட்டி எடுத்த 15 நொடி ஒன்று. இரண்டும் ஸ்கிப் செய்யக்கூடியவை. பார்ப்பவர்களைச் சமமாகப் பிரித்து ஒவ்வொன்றையும் 20,000 முறை ஓட்டினோம், செலவும் சமம். கடைசிவரை பார்த்தவர்கள் சின்னதில் 7,000, பெரியதில் 2,400. கிளிக் 240, 120. ஆர்டர் 6, 9. எடிட்டர் பெரியதைத் தூக்கச் சொல்கிறார், என் கணவர் சின்னதைத் தூக்கச் சொல்கிறார். எதை வைத்துக்கொள்வது? இசையை மாற்றினால் உதவுமா? ரிப்போர்ட் படம் இணைத்திருக்கிறேன்.

ம., போடிநாயக்கனூர்

அன்புள்ள ம.,

இசையை விடுங்கள், அது இப்போதைக்குப் பிரச்சினையே இல்லை.

உங்கள் எடிட்டர் மீது எனக்குக் கோபம் வருகிறது. 15 நொடி உட்கார்ந்தவரையும் 60 நொடி உட்கார்ந்தவரையும் ஒரே தராசில் போடுகிறார். நீங்கள் அனுப்பிய படத்திலேயே விடை இருக்கிறது, பெரிய விளம்பரத்துக்கு நேரே Video played to 25% என்ற கட்டத்தைப் பாருங்கள். 33 சதவீதம். 60 நொடியில் கால் பங்கு என்றால் சரியாக 15 நொடி. அதாவது 6,600 பேர் பெரிய விளம்பரத்திலும் 15 நொடியைத் தாண்டியிருக்கிறார்கள். சின்னதில் அதே நொடிவரை வந்தவர்கள் 7,000. அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் கணவரும் அவசரப்படுகிறார். மொத்தம் 15 ஆர்டர். ஒரு காசை 15 முறை சுண்டினால் 9க்கு 6 என்றோ அதைவிட ஏறுமாறாகவோ விழுவது பத்துக்கு ஆறு தடவை நடக்கும். இதை வைத்து வீட்டில் சண்டை போடாதீர்கள் அம்மா. இந்த அளவு வித்தியாசம் நிஜமா என்று ஓரளவு நம்பிச் சொல்லவே இரண்டும் சேர்ந்து 200 ஆர்டராவது வரவேண்டும்.

ஆனால் கிளிக் 240க்கு 120 என்பது தற்செயல் இல்லை. அங்கேதான் நான் நின்றுவிட்டேன், ஏனென்றால் ஒரு வாரமாக வேறொரு வெட்டு என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பல வருடங்களுக்கு முன் ஒரு கிரைண்டர் விளம்பரத்தை நான் வெட்டினேன். 60 நொடியில் ஒரு பாட்டி மாவை இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்து, கையை உதறாமல் அப்படியே கல்லின் மேல் வழித்துவிடுவார். 41ஆவது நொடியில் விலை வரும். 15 நொடிக்குள் பாட்டியின் விரலை வைக்க வேண்டும் என்ற ஆசையில் விலையைத் தூக்கிவிட்டேன். மறுநாள் கிளிக் இரண்டு மடங்கு. எல்லோரும் கைகொடுத்தார்கள், நானும் பூரித்துப்போனேன். பத்து நாளில் ஆர்டர் சரிந்தது. போன் எடுக்கும் பெண் ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள், பக்கம் பக்கமாக ஒரே கேள்வி, 'எவ்வளவுங்க?'. விலை கேட்டதும் வைத்துவிட்டார்கள். நாங்கள் காசு கொடுத்து வரவழைத்த கிளிக்கெல்லாம் விலை தெரிந்துகொள்ள வந்த கிளிக். பெரிய விளம்பரத்தில் அந்த ஆட்கள் 41ஆவது நொடியிலேயே, கிளிக் செய்யாமல், விலகிப் போயிருந்தார்கள்.

நீளத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, எதை வெட்டினோம் என்பதுதான் விஷயம். சின்னது, பெரியது என்று பேசும்போது நாம் இரண்டு மாற்றங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம், நேரமும் குறைந்திருக்கிறது, சொல்லும் சேதியும் குறைந்திருக்கிறது. உங்கள் சின்ன விளம்பரத்தை நான்கு முறை பார்த்தேன். பஞ்சு பறக்கிறது, குழந்தை குதிக்கிறது, அழகாக இருக்கிறது. விலை எங்கே? மெத்தையின் அளவு எங்கே? பெரியதில் இரண்டும் இருக்கின்றனவே, அதை யார் வெட்டச் சொன்னது?

சந்தேகமிருந்தால் உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்து, சின்னது ஓடிய நாட்களில் 'விலை என்ன' என்று கேட்டு, பதில் கிடைத்ததும் மௌனமானவர்களை எண்ணுங்கள். இணையதளத்தில் விலை தெரியும் இடம்வரை உருட்டிவிட்டு வெளியேறியவர்களையும் பாருங்கள்.

அப்புறம் அதே 15 நொடியில் குழந்தை குதிப்பதில் 3 நொடியைக் குறைத்து, விலையையும் அளவையும் பெரிய எழுத்தில் போட்டு இன்னொரு வெட்டு செய்யச் சொல்லுங்கள். வேறு எதையும் தொடக்கூடாது, இசையையும்தான். அதை இப்போதுள்ள 15 நொடியோடு மட்டும் மோதவிடுங்கள். 200 ஆர்டர் சேர நாளாகும் என்பதால், கூடையில் போட்டவர்கள் எத்தனை பேர் என்பதையும் கூடவே எண்ணி வாருங்கள், அது ஆர்டரைவிடச் சீக்கிரம் சேரும். அதுவரை பெரியதைத் தூக்காதீர்கள். 240 கிளிக் 150 ஆகிவிட்டது என்று எடிட்டர் பதறுவார். பதறட்டும், நீங்கள் கூடைக் கணக்கை எனக்கு அனுப்புங்கள்.