பரண் உத்தரத்தில் பசைக்கு எவ்வளவு வேலை?

கேள்வி: வீட்டில் 3 மீட்டர் இடைவெளிக்கு மரப் பரண் போடுகிறோம். மூன்று தேக்குப் பலகைகளை ஒட்டி ஐ வடிவ உத்தரம் செய்து தருவதாக ஆசாரி சொல்கிறார். மேலும் கீழும் 100 × 25 மி.மீ. பலகை, நடுவில் 150 × 25 மி.மீ. பலகை செங்குத்தாக. "பசை மட்டும் போதும், ஸ்க்ரூ தேவையில்லை" என்கிறார். டிப்ளமோ சிவில் படித்த என் தம்பி, விசையைப் பரப்பால் வகுத்தால் 0.34 நியூட்டன்/ச.மி.மீ.தான் வருகிறது, பயமில்லை என்கிறான். உத்தரம் ஒன்றின் மேல் சுமார் 600 கிலோ பரவலாக வரும். நம்பலாமா?

பதில்: ஆசாரி சொல்வது சரிதான், ஆனால் எந்தப் பசை என்பதைப் பொறுத்து. தம்பியின் கணக்கை மட்டும் ஏற்க முடியாது. விசையை மொத்தப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது சராசரி. ஷியர் தகைவு, அதாவது ஓர் அடுக்கை அடுத்த அடுக்கின்மேல் வழுக்கவைக்கும் விசை ஒவ்வொரு ச.மி.மீ.யிலும் எவ்வளவு என்பது, குறுக்குவெட்டு முழுவதும் ஒரே அளவாகப் பரவுவதில்லை. உங்கள் உத்தரத்தில் அது மிக அதிகமாக இருக்கும் இடத்தில் இந்தச் சராசரியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலே போகிறது.

முதலில் பசை எதற்கு என்று பார்ப்போம். மூன்று பலகைகளையும் ஒட்டாமல் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் பாரம் ஏற்றினால், ஒவ்வொன்றும் தனித்தனியாக வளையும். மேல் பலகையின் அடிப்பக்கம் நீளும், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் நடுப் பலகையின் மேல்விளிம்பு சுருங்கும். ஆகவே இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். முனைகளில் பார்த்தால் பலகைகள் படிப்படியாக விலகி நிற்பது கண்ணுக்கே தெரியும். இந்த வழுக்கலைத் தடுப்பதுதான் பசையின் வேலை. தடுத்துவிட்டால் மூன்றும் ஒரே மரம்போல் வளையும்.

வித்தியாசம் பெரியது. தனித்தனியாக வளைந்தால் வளைவை வடிவம் எவ்வளவு எதிர்க்கிறது என்பதைக் காட்டும் I மதிப்பை மூன்று பலகைகளுக்கும் கூட்டினாலும் 72.9 இலட்சம் மி.மீ.⁴தான். ஒட்டிய பிறகு 455.7 இலட்சம், அதாவது ஆறேகால் மடங்கு. தேக்கின் விறைப்பைக் குறிக்கும் மீள்தன்மைக் கெழுவைச் சுமார் 10,000 நியூட்டன்/ச.மி.மீ. என்று வைத்தால், ஒட்டிய உத்தரம் உங்கள் பாரத்துக்கு நடுவில் 4.6 மி.மீ. தொய்யும். ஒட்டாததோ 29 மி.மீ. தொய்யும். இவ்வளவு பெரிய வித்தியாசம் இரண்டு மெல்லிய பசைக் கோடுகளால் வருவது. அந்தக் கோடுகள் எவ்வளவு தாங்க வேண்டியிருக்கிறது என்பதே உங்கள் கேள்வி.

அதற்கான சூத்திரம் இது:

```
q = V Q / I
τ = q / b
```

V என்பது அந்த இடத்தில் உள்ள ஷியர் விசை. Q என்பது இணைப்புக்கு அப்பால் இருக்கும் பரப்பை, அதன் மையத்துக்கும் உத்தரம் வளையும்போது நீளவோ சுருங்கவோ செய்யாத நடுநிலை அச்சுக்கும் உள்ள தூரத்தால் பெருக்கிய தொகை. q என்பது ஷியர் பாய்வு, அதாவது இணைப்பின் ஒவ்வொரு மி.மீ. நீளமும் கடத்த வேண்டிய விசை. அதை இணைப்பின் அகலம் b-யால் வகுத்தால் தகைவு. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் – மாஸ்கோ ரயில் பாதைக்கு மரப் பாலங்கள் கட்டிய ரஷ்யப் பொறியாளர் ழுராவ்ஸ்கி 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கண்ட வழி இது. மரம் நார் ஓடும் திசையிலேயே பிளந்து வழுக்கிப்போகும் என்பதால் அவருக்கு இந்தக் கணக்கு தவிர்க்க முடியாததாக இருந்தது. உங்களுக்கும் அதே காரணம்தான்.

இப்போது எண்களைப் போடுவோம். 600 கிலோவைச் சுமார் 6,000 நியூட்டன் என்று கொண்டால், ஒவ்வொரு தாங்கியிலும் V = 3,000 நியூட்டன். மேல் பலகையின் பரப்பு 2,500 ச.மி.மீ., அதன் மையம் நடுநிலை அச்சிலிருந்து 87.5 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. ஆகவே Q = 2,18,750.

```
q = 3000 × 218750 / 45573000 = 14.4 N/mm
τ = 14.4 / 25 = 0.58 N/mm²
```

தாங்கியின் அருகே பசை தாங்க வேண்டிய தகைவு 0.58. இணைப்புக்கு ஒரு நூல் மேலே, மேல் பலகைக்குள் பார்த்தால், அங்கே அகலம் 100 மி.மீ. அதே 14.4 அங்கே பரவி 0.14 ஆகிவிடுகிறது. இணைப்பைத் தாண்டியதும் அகலம் 25ஆகச் சுருங்குவதால் தகைவு சட்டென்று நான்கு மடங்காகத் தாவுகிறது. அங்கிருந்து கீழே போகப் போக மெல்ல ஏறி, நடுநிலை அச்சில் 0.76ஐத் தொடுகிறது. பிறகு அதே மாதிரி இறங்கி, கீழ் இணைப்பில் 0.58, கீழ்ப் பலகைக்குள் 0.14, அடிப்பரப்பில் பூஜ்யம். மேல் பரப்பிலும் பூஜ்யம்தான், ஏனென்றால் அதற்கு மேலே தள்ளுவதற்கு எதுவும் ஒட்டிக்கொண்டில்லை.

உங்கள் தம்பிக்கு ஒரு குறுக்கு வழி சொல்கிறேன். ஐ வடிவத்தில் ஷியர் விசையை ஏறக்குறைய முழுவதும் நடுப் பலகைதான் சுமக்கிறது. ஆகவே 3,000ஐ நடுப் பலகையின் 25 × 150ஆல் மட்டும் வகுக்கட்டும். 0.80 வரும். உண்மையான உச்சம் 0.76. கையால் சரிபார்க்க இது போதும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பரவலான பாரத்தில் V தாங்கியில் உச்சமாக இருந்து, நடுவில் பூஜ்யமாகிறது. q-வும் அப்படியே 14.4இலிருந்து பூஜ்யத்துக்கு இறங்குகிறது. ஒரு முனையிலிருந்து நடு வரை பசை கடத்தும் மொத்த விசையைக் கூட்டினால், 14.4 × 1,500ல் பாதி, 10,800 நியூட்டன். வளைவுத் தகைவை வைத்து, நடுவில் மேல் பலகைக்குள் இருக்கும் அமுக்க விசையைத் தனியாகக் கணக்கிட்டாலும் அதே 10,800தான் வருகிறது. அப்படியானால் மேல் பலகை சுமக்கும் விசை முழுவதும் பசை வழியாகத்தான் அதற்குள் போகிறது, வேறு வழியே இல்லை. அதில் முக்கால் பங்கு, 8,100 நியூட்டன், முனையிலிருந்து முதல் 750 மி.மீ.க்குள்ளேயே போய்விடுகிறது.

வேலைத்தலத்தில் இதன் பொருள் என்ன? கிளாம்ப் குறைவாக இருந்தால் ஆசாரிகள் பெரும்பாலும் நடுவில் நெருக்கமாகவும் முனையில் அரைகுறையாகவும் போடுகிறார்கள், நடுவில்தானே உத்தரம் தொய்கிறது என்ற எண்ணத்தில். நேர்மாறாகச் செய்யச் சொல்லுங்கள். பசை அதிகம் உழைக்கும் இடம் இரண்டு முனைகளிலும் உள்ள முக்கால் மீட்டர். அங்கே இடைவெளி விட்டால் உத்தரம் ஒட்டியதற்கு அர்த்தமில்லை.

இனி, 0.58ஐப் பசை தாங்குமா? நல்ல கட்டுமானப் பசை மரத்தைவிட வலுவாகவே இருக்கும். ஆனால் கடையில் முதலில் எடுத்துத் தரும் வெள்ளைப் பசையை இதற்கு வைக்காதீர்கள். அது உடனே விட்டுவிடாது. நாற்காலிக்கும் அலமாரிக்கும் அது அருமையான பசை. ஆனால் நிரந்தரப் பாரத்தின் கீழ் அது மெல்ல மெல்ல இளகி நகரும், வெப்பத்தில் இன்னும் வேகமாக. கான்கிரீட் கூரைக்குக் கீழே சித்திரை, வைகாசியில் பரண் எப்படிக் காயும் என்று உங்களுக்குத் தெரியும். பாரமும் இறங்கப் போவதில்லை. ரிசார்சினால் பசையோ மரத்துக்கான எப்பாக்ஸியோ கேளுங்கள். ரிசார்சினாலுக்கு மேற்பரப்புகள் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும், கிளாம்பும் இறுக்கமாக வேண்டும். எப்பாக்ஸி சிறு இடைவெளியை நிரப்பும். அதை அளவுக்கு மீறி இறுக்கினால் பசை முழுவதும் வெளியே பிதுங்கிவிடும்.

தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டு. நேற்று இழைத்த பலகையை இன்று ஒட்டினால் அந்த எண்ணெய் மேலே வந்திருக்கும். ஒட்டுவதற்குச் சற்றுமுன் இழைத்து, அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்துவிட்டு உடனே ஒட்ட வேண்டும். அதே நாளில், அதே பலகைத் துண்டுகளில் ஒரு சிறு மாதிரியையும் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். நன்றாக இறுகிய பிறகு இணைப்பில் உளியை வைத்து அடித்துப் பிளந்து பாருங்கள். இரு முகங்களிலும் மர நார் பிய்ந்து ஒட்டியிருந்தால் இணைப்பு நன்று. கண்ணாடி மாதிரி வழவழப்பாகப் பசை மட்டும் தெரிந்தால், அன்று ஒட்டிய உத்தரத்தை ஏற்றாதீர்கள்.

ஸ்க்ரூ மட்டும் போட்டால் என்ன ஆகும் என்பதையும் அதே q சொல்லிவிடும். ஒரு ஸ்க்ரூ 500 நியூட்டன் தாங்கும் என்று வைத்தால், முனையில் இடைவெளி 500 / 14.4 = 35 மி.மீ. வெறும் 25 மி.மீ. தடிமனுள்ள பலகையின் விளிம்பில் 35 மி.மீ.க்கு ஒன்று அடித்தால் மரம் நாரோடு பிளந்துவிடும். பசையோடு ஸ்க்ரூவும் சேர்த்தால் இரட்டைப் பலம் என்பதும் உண்மையல்ல. ஸ்க்ரூ கொஞ்சம் நகர்ந்த பிறகுதான் பிடிக்கும், பசை நகரவே விடாது. ஆகவே பசை விடும் வரை ஸ்க்ரூவுக்கு வேலை இல்லை. கிளாம்புக்குப் பதிலாக இறுக்கிப் பிடிக்க நாலைந்து போடலாம், அவ்வளவே.

இன்னும் நிம்மதி வேண்டுமென்றால் மேல், கீழ்ப் பலகைகளில் 10 மி.மீ. ஆழத்துக்குக் காடி எடுத்து, நடுப் பலகையை இரு விளிம்பிலும் 10 மி.மீ. கூடுதல் அகலமாக எடுத்துச் செருகி ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டும் அகலம் 25லிருந்து 45 மி.மீ. ஆகிறது, தகைவு ஏறக்குறைய 0.3க்கு இறங்குகிறது. ஆசாரிக்கு அரை நாள் கூடுதல் வேலை. நானாக இருந்தால் இதைத்தான் கேட்பேன்.

பசை சரியாக அமைந்துவிட்டால் அடுத்துக் கவனிக்க வேண்டியது மரம். நார்த் திசையில் தேக்குக்கு வடிவமைப்பில் அனுமதிக்கும் ஷியர் தகைவு ஏறத்தாழ 1 நியூட்டன்/ச.மி.மீ. அளவில்தான். நீங்கள் 0.76இல் இருக்கிறீர்கள். நடுப் பலகையின் முனையை நேராக நின்று பாருங்கள். காய்ந்த பலகைகளில் முனையிலிருந்து உள்ளே ஓடும் வெடிப்பு இருக்கும். அது நடு உயரத்தில் ஓடினால், தகைவு உச்சமாக இருக்கும் அதே இடத்தில் மரத்தின் அகலத்தைத் தின்றுவிடுகிறது. வெடிப்பு முடியும் வரை வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்துங்கள்.

600 கிலோவுக்கு மேல் நெல் மூட்டையோ இரும்புப் பெட்டியோ சுவரோரமாக வைக்கும் எண்ணம் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். தாங்கிக்கு அருகே 100 கிலோ கூடினால் அந்த முனையில் V ஏறக்குறைய 4,000 ஆகும். நடுநிலை அச்சில் தகைவு 1.0ஐத் தாண்டும். அப்போது இரு முனைகளிலும், சுமார் ஒரு மீட்டர் நீளத்துக்கு, நடுப் பலகையின் இரு பக்கமும் 12 மி.மீ. பலகையை நார் நீளவாக்கில் வைத்து, மேல், கீழ்ப் பலகைகளோடு முட்டும்படி ஒட்டிவிட்டால் அகலம் இரட்டிப்பாகித் தகைவு பாதியாகக் குறையும்.