1925 கவுன் ஏன் இந்தக் காலத்து கவுன் போலத் தெரிகிறது?

"நாடகத்துக்காக 1925-ஆம் ஆண்டு ஃப்ளாப்பர் கவுன் தைத்தேன். இடுப்புத் தையலைக் கீழே இறக்கியும் பழைய காலத்துத் தோற்றம் வரவில்லை. மார்பு 36, ஹிப் 38. இனி மணி வேலை செய்ய வேண்டும்."

இடுப்பில் டார்ட் பிடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முதலில் அதைப் பிரித்துவிடுங்கள். 1900 வாக்கில் கார்செட் இடுப்பை இறுக்கி, மார்பை முன்னும் பின்பக்கத்தைப் பின்னும் தள்ளியது. 1910-ஐ ஒட்டி இடுப்புக்கோடு மார்புக்குக் கீழே ஏறியது. இருபதுகளில் அது ஹிப்புக்கு இறங்கியபோது உடம்பின் வளைவையே மறைத்துவிட்டார்கள். மார்பைத் தட்டையாக்கத் தனி உள்ளாடையே இருந்தது. நீங்கள் புஷ்-அப் பிரா போட்டால் வெட்டு எவ்வளவு சரியாக இருந்தாலும் பயனில்லை.

அதனால் மார்பளவை விட்டுவிட்டு ஹிப்பை வைத்து வெட்டுங்கள். 38-உடன் 3 அங்குலம் தளர்வு சேர்த்தால் 41. முன்னும் பின்னும் தலா இருபதரை, தையலுக்குத் தனி. அக்குளிலிருந்து ஹிப் வரை பக்கத் தையல் நேராக இறங்கட்டும். ஜிப் வேண்டாம், தலைவழியாகப் போட்டுக்கொள்ளலாம். நீளம் முழங்காலுக்குச் சற்றுக் கீழே. தொடை தெரியும் குஞ்சக் கவுன் பிற்கால வேடம்தான்.

மணி வேலைக்கு நம் ஆரி ஊசி போதும். பாரிஸ் பட்டறைகளிலும் இதே போன்ற கொக்கி ஊசிதான். சங்கிலித் தையல் என்பதால் ஓரிடத்தில் நூல் அறுந்தால் வரிசையே உதிரும். ஒவ்வொரு பூ முடிந்ததும் முடிச்சுப் போடுங்கள். அப்புறம், ஹேங்கரில் மாட்டாதீர்கள். மணிகளின் எடையில் ஜார்ஜெட் தோளில் கிழியும், படுக்கவைத்து மடியுங்கள்.