நீண்ட விடுப்பில் வெளிநாடு போகும் முன் நெருங்கியவர்களுக்கு என்ன எழுதுவது?

"ஊர் மார்த்தாண்டம் பக்கம். அக்டோபர் முதல் பொங்கல் வரை டொராண்டோவில் மகள் வீட்டில் இருக்கப் போகிறேன். நெருங்கியவர்களுக்கு என்ன எழுதி அனுப்பிவிட்டுப் போவது? எப்போது கூப்பிடலாம், எப்படிக் கூப்பிடலாம் என்று எப்படிச் சொல்வது?"

நான் தக்கலைக்காரன். என் மகன் குடும்பமும் டொராண்டோ பக்கம்தான் இருக்கிறது. நானும் பெரும்பாலும் மழைக்காலத்தில்தான் போவேன் என்பதால், நீங்கள் சொன்ன மாதங்களையே வைத்து எழுதுகிறேன்.

செய்தியில் கூப்பிடும் நேரத்தை ஊர்க் கணக்கிலேயே எழுதுங்கள். "அங்கே ஒன்பதரை மணி நேரம் பின்னால்" என்று சொன்னால் கூப்பிடுகிற அவசரத்தில் யாரும் கழித்துப் பார்க்க மாட்டார்கள். ஊரில் காலை 10 மணி என்றால் அங்கே நள்ளிரவு 12.30. சாயங்காலம் 4 மணி ஆகும்போதுதான் அங்கே காலை 6.30. நம் ஆட்கள் வேலை விஷயமாகப் போன் போடுவது சரியாக அந்தப் பகல் பொழுதில்தான். அதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். அன்று முதல் வித்தியாசம் பத்தரை மணி நேரம். நடுவில் ஒரு தடவை நேரத்தை மாற்றிச் சொன்னால் பாதிப் பேருக்குக் குழப்பம்தான் மிஞ்சும். அதனால் இரண்டு கணக்குக்கும் ஒத்துவரும் நேரமாக எடுத்துக்கொள்ளுங்கள்: ஊரில் காலை 6 முதல் 8 வரை, மாலை 6.30 முதல் 9 வரை. காலையில் கூப்பிட்டால் அங்கே முந்தைய நாள் இரவுச் சாப்பாட்டு நேரம். மாலையில் கூப்பிட்டால் அங்கே காலைப் பொழுது. நவம்பருக்கு முன்னும் பின்னும் இது மாறாது.

அடுத்தது, நீங்கள் தூங்கும் அந்தப் பகல் பொழுதில் யாரிடம் போவது என்பது. இங்கேதான் பலரும் "அவசரம்னா தம்பிகிட்ட கேளுங்க" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். தம்பியிடம் கேட்டால் அவர் "அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்" என்பார். வேலை அப்படியே நின்றுவிடும். எங்கள் ரப்பர் விளையில் ஷீட் விற்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் காலையில் விலை சொல்வார், மத்தியானத்துக்குள் பதில் வேண்டும். அப்போது எனக்கு நடுச்சாமம் தாண்டியிருக்கும். மழைக்காலத்தில் ஷீட்டை அதிக நாள் அடுக்கி வைத்தால் பூசணம் பிடித்துத் தரம் இறங்கிவிடும். அதனால் முடிவும் தம்பியுடையது என்பதைச் செய்தியிலேயே எழுதிவிடுவேன். பால் வெட்டுகிற அண்ணனுக்கு அனுப்பும் செய்தி இப்படி இருக்கும்:

"அண்ணே, அஞ்சாம் தேதி ராத்திரி புறப்படுறேன். பொங்கலுக்கு முன்னால வந்துருவேன். கூலி வழக்கம்போல சனிக்கிழமை தம்பி தருவான். ஷீட்டு விலையை அவன் சரின்னு சொன்னா குடுத்துருங்க, என்கிட்ட கேக்க வேண்டாம். மழையில மரம் கிரம் சாஞ்சா போட்டோ எடுத்து எனக்கும் அவனுக்கும் அனுப்புங்க. வெட்டுறதா வேண்டாமான்னு அவனே சொல்லுவான்."

தம்பிக்கும் இதே வாசகத்தை அனுப்பிவிடுங்கள். இரண்டு பேரும் ஒரே வரியைப் படித்திருந்தால்தான் அதிகாரம் உண்மையில் கைமாறும்.

கூடப்பிறந்தவர்கள், சம்பந்தி, பக்கத்து வீட்டுக்காரர் போன்றவர்களுக்கு நான் அனுப்புவது இது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் அனுப்புவேன்:

"அக்டோபர் 5 ராத்திரி திருவனந்தபுரத்துல இருந்து மகன் வீட்டுக்குப் போறேன். ஏழாம் தேதி வரைக்கும் போன் எடுக்காட்டா பயப்பட வேண்டாம், பிரயாணத்துல இருப்பேன். போய்ச் சேந்ததும் மெசேஜ் போடுவேன். இதே நம்பர்லதான் வாட்ஸ்அப் இருக்கும். சாதாரண கால் போடாம வாட்ஸ்அப்ல கூப்பிடுங்க. நம்ம ஊர் நேரம் காலை 6–8, சாயங்காலம் 6.30–9. ஆஸ்பத்திரி, சாவு, வீட்டுல ஏதாவது சேதம்னா எந்த நேரமும் கூப்பிடலாம். நான் எடுக்கலைன்னா உடனே மகன் நம்பருக்குக் கூப்பிடுங்க, கீழே இருக்கு. வீட்டுச் சாவி தம்பிகிட்ட. வேற நம்பர்ல இருந்து என் பேரைச் சொல்லி யாராவது பணம் கேட்டா அனுப்பாதீங்க, இந்த நம்பர்ல கூப்பிட்டுக் கேளுங்க."

இதில் சில வரிகளுக்குக் காரணம் சொல்ல வேண்டும். இந்திய சிம்மில் சாதாரண அழைப்பு வந்து எடுத்தால் ரோமிங் காசு போகும். வாட்ஸ்அப்புக்கு அங்குள்ள இணையம் போதும். கனடா சிம்மைப் போட்டதும் வாட்ஸ்அப் நம்பரை மாற்றவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், பழைய நம்பரிலேயே ஓடும். ஆனால் வங்கி ஓடிபி பெரும்பாலும் குறுஞ்செய்தியாகத்தான் வரும். அதற்கு இந்திய சிம் போனுக்குள் இருக்க வேண்டும், ரீசார்ஜ் காலம் தீராமல் இருக்க வேண்டும், ரோமிங்கை ஊரில் இருக்கும்போதே திறந்து வைத்திருக்க வேண்டும். துபாய், அபுதாபி வழியாகப் போனால் இடையில் காத்திருக்கும்போது வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பலாம், குரல் பதிவும் போகும். ஆனால் வாட்ஸ்அப் அழைப்புக்கு அந்த நாட்டில் தடை உண்டு. பிரயாண நாட்களில் கூப்பிட வேண்டாம் என்று எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

புறப்படும் தேதியும் வரும் தேதியும் இந்தத் தனிச் செய்திகளில் மட்டும் இருக்கட்டும். குடும்ப வாட்ஸ்அப் குழு, ஊர்க் குழு, ஸ்டேட்டஸ் எதிலும் வேண்டாம். மூன்று மாதம் பூட்டிக் கிடக்கும் வீடு அது.

பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களை மறந்துவிடாதீர்கள். எங்கள் அத்தைக்கு வாட்ஸ்அப் கிடையாது. அவரிடம் நேரில் போய்ச் சொல்வேன்: "ஏதாவதுன்னா தம்பிக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க அத்தே, அவன் வந்து அவன் போன்ல பேச வைப்பான்." தம்பி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி அவர் காலண்டரில் ஒட்டிவிட்டு வருவேன்.

ஒரு விஷயத்தை மட்டும் செய்தியில் எழுதாமல், புறப்படும் முன் கூடப்பிறந்தவர்களுடன் உட்கார்ந்து பேசிவிடுங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால், நீங்கள் அங்கே இருக்கும்போது அவர் இறந்துவிட்டால் அடக்கத்துக்கு உங்களுக்காகக் காத்திருப்பதா வேண்டாமா என்பது. உடனே டிக்கெட் கிடைத்தாலும் வந்து சேர இரண்டு நாள் ஆகலாம். நம் ஊரில் பெரும்பாலும் மறுநாளே எடுத்துவிடுவார்கள். துக்க வீட்டில் நின்றுகொண்டு போனில் இதை முடிவெடுக்க வேண்டி வந்தால் அக்கா ஒன்று சொல்வார், அண்ணன் ஒன்று சொல்வார், அந்த வருத்தம் வருஷக்கணக்கில் நிற்கும். நாங்கள் அம்மாவிடமே கேட்டோம். "ரெண்டு நாள் வையுங்க, அதுக்கு மேல வேண்டாம் மக்களே" என்றார். அதை நாங்கள் எல்லாரும் ஒன்றாக இருந்து கேட்டுக்கொண்டோம்.