லீவில் ஊருக்கு வந்த பையனின் எமர்ஜென்சி பில்லுக்கு அமெரிக்க இன்சூரன்ஸில் கிளைம் கடிதம் எழுதுவது எப்படி?

கேள்வி: பையன் அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கிறான். லீவுக்கு குடியாத்தம் வந்தப்போ ஜூன் 5 ராத்திரி கடுமையான வயிற்றுவலி, வாந்தி. வேலூரில் ஒரு கிளினிக்கில் எமர்ஜென்சியில் காட்டினோம். பில் எல்லாம் இருக்கு, டாக்டர் சீட்டும் இருக்கு. யுனிவர்சிட்டி இன்சூரன்ஸுக்கு கடிதம் எப்படி எழுதணும்?

பதில்:

பேனாவை எடுப்பதற்கு முன்னால் பாலிசியில் இரண்டு இடம் பாருங்க. கோடை விடுமுறைக்கும் பிரீமியம் கட்டியிருக்கா? சொந்த நாட்டில் எடுத்த சிகிச்சைக்குப் பணம் உண்டா? வெளிநாட்டு மாணவர் திட்டங்களில் சிலது சொந்த நாட்டை விலக்கிவிடும். (ஆஸ்திரேலியாவில் படிக்கிற பிள்ளைகளின் கட்டாய இன்சூரன்ஸ் அந்த நாட்டுக்கு வெளியே செல்லவே செல்லாது.) உண்டு என்றால், எத்தனை நாளுக்குள் அனுப்பணும் என்பதும் அங்கேயே இருக்கும்.

கடிதத்தை விட டாக்டர் சீட்டுதான் முக்கியம், பெரும்பாலும் இடறுவதும் அதில்தான். நம்ம ஊர் சீட்டில் "ஏ.ஜி.இ." என்று மூன்று எழுத்து, கீழே இரண்டு ஊசிப் பெயர், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். வயிற்றுப்போக்கோடு வரும் குடல் அழற்சிக்கு அது சுருக்கம் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். ஆங்கிலத்தில் அதைப் படிக்கிற அமெரிக்க கிளார்க் வயசு என்று நினைக்கலாம். மருந்தும் பிராண்டு பெயரில் இருக்கும். அதனால் லெட்டர்ஹெட்டில் தனியாக ஒரு சான்று கேட்டு வாங்குங்க. வந்த தேதி, நேரம், வரும்போது இருந்த அறிகுறிகள், நோயின் முழுப் பெயர், மருந்தின் ஜெனரிக் பெயர், மருத்துவ கவுன்சில் பதிவு எண்ணோடு சீல், இவ்வளவும் வேணும். நோய்க்கான சர்வதேசக் குறியீடான ஐசிடி கோடும் போட்டால் நல்லது. தொற்றால் வந்த குடல் அழற்சி என்று டாக்டர் முடிவு செய்திருந்தால் அது A09.

அறிகுறியைத்தான் முதலில் எழுதச் சொல்லுங்க. கடைசியில் அஜீரணம் என்று தெரிந்திருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் சாதாரண மனுஷனுக்கு அது அவசரமாகத் தெரிந்ததா என்பதுதான் எமர்ஜென்சிக்கு அளவுகோல். "இரவு 11 மணிக்கு வலது பக்க வயிற்றுவலி, ஆறு தடவை வாந்தி, நிற்க முடியாத சோர்வு, அப்பெண்டிக்ஸ் என்ற சந்தேகத்தில் ஸ்கேன்" என்ற ஒரு வரியே, ஏன் காலை வரை காத்திருக்கவில்லை என்பதற்குப் பதில்.

அடுத்தது பில். "ட்ரீட்மென்ட் சார்ஜ் 3,850" என்ற ஒற்றை வரி பில் திரும்பி வரும். கவுண்டரில் "இன்சூரன்ஸுக்கு பிரேக்-அப் பில்" என்று கேளுங்க. உங்க கேஸில் இப்படி இருக்கிறதாக வைத்துக்கொள்வோம்: டாக்டர் கட்டணம் 500, ரத்தப் பரிசோதனைகள் 1,150, ஸ்கேன் 1,200, படுக்கையும் டிரிப்ஸும் 1,000. ஆக 3,850. இது தவிர மெடிக்கலில் 780. சேரும்போதே கட்டிய அட்வான்ஸ் 2,000 ரூபாய் ரசீதும் கையில் இருக்கும். அதையும் கூட்டி 6,630 என்று எழுதுவதுதான் வழக்கமான தப்பு. ஃபைனல் பில்லில் அது ஏற்கெனவே கழிந்திருக்கும்; ரசீதை பணம் கட்டியதற்கு ஆதாரமாக மட்டும் வையுங்க. மெடிக்கல் பில்லில் 180 ரூபாய் ஹார்லிக்ஸ் இருந்தால் நீங்களே அடித்துக் கழித்துவிடுங்க. கேட்க வேண்டியது 4,450. தெர்மல் பேப்பர் ரசீது சீக்கிரம் வெளுத்துவிடும், அன்றைக்கே ஸ்கேன் எடுத்துடுங்க.

கடிதம் ஆங்கிலத்தில், ஒரு பக்கம், பையன் பெயரில், அவன் கையெழுத்தில். மேலே மெம்பர் எண். முதல் பத்தியின் பொருள் இது:

> "2025 ஜூன் 5 இரவு, விடுமுறையில் இந்தியாவில் வேலூரில் இருந்தபோது, கடும் வயிற்றுவலிக்கும் வாந்திக்கும் அவசர சிகிச்சை பெற்றேன். மொத்தம் 4,450 இந்திய ரூபாய் செலுத்தப்பட்டது. அதைத் திருப்பித் தரக் கோருகிறேன்."

பிறகு எந்தெந்தத் தாள் இணைத்திருக்கு, ஒவ்வொன்றிலும் எவ்வளவு என்று எண் போட்டு எழுதணும். நீங்க யூபிஐயில் கட்டியிருந்தால், "என் சார்பில் என் தந்தை செலுத்தினார்" என்ற வரி அவசியம். கம்பெனியின் கிளைம் ஃபாரத்தையும் நிரப்பி இதோடு வைக்கணும். வெறும் கடிதம் மட்டும் போதாது.

மாதத்தை எழுத்தில்தான் எழுதணும். 05/06 என்றால் அவங்களுக்கு மே 6. அப்போ பையன் அமெரிக்காவில் இருந்தானே என்று கேள்வி வரும். தொகையை INR என்றே குறிங்க, டாலராக மாற்றாதீங்க. அவங்க எடுக்கும் தேதியின் ரேட்டோடு உங்க கணக்கு ஒத்துவராது. பெயரும் அப்படித்தான்: ரசீதில் இனிஷியல் முன்னால் இருக்கும், பாஸ்போர்ட்டில் உங்க பெயர் முழுசாகப் பின்னால் இருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு வரி எழுதி, பாஸ்போர்ட் நகல் வையுங்க.

இன்னொன்று. 4,450 ரூபாய் ஏறக்குறைய ஐம்பது டாலர்தான். பாலிசியில் 500 டாலர் டிடக்டிபிள், அதாவது கம்பெனி தரத் தொடங்கும் முன் வருஷத்துக்கு நாமே ஏற்க வேண்டிய தொகை இருந்து, எமர்ஜென்சிக்கும் அது பொருந்தினால், கைக்கு எதுவும் வராது. அந்த வருஷக் கணக்கில் ஐம்பது ஏறும், அவ்வளவுதான். பாலிசி வருஷம் ஆகஸ்டில் புதுப்பிக்கிறதாக இருந்தால், அந்த ஐம்பதும் இரண்டு மாதத்தில் பூஜ்யமாகிவிடும்.